முதல் குறும்படம் – 9: பிரீமியரை யாருக்குக் கொடுப்பது?

படத்தின் இறுதிப் பிரதியும் ஆங்கில வசன வரிகளும் சென்ற வாரத்தோடு தயாராகிவிட்டன; தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதை மறுபடி விஸ்தரிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் கட்டணக் கணக்கை எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் திரைப்பட விழாக்களின் விதிமுறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே போனபோது, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நிச்சயித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருப்பது தெளிவாயிற்று. அது படத்தின் பிரீமியர்.

பொதுமக்கள் முன்னிலையில் ஒரு படம் உலகிலேயே முதன்முறையாகத் திரையிடப்படுவது உலக பிரீமியர். சொந்த நாட்டுக்கு வெளியே முதன்முறையாகக் காட்டப்படுவது சர்வதேச பிரீமியர். அதற்குக் கீழே கண்டத்துக்கும் தேசத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனியே பிரீமியர்கள் உண்டு. சென்னையில் ஒரு விழாவில் காட்டிவிட்டால் உலக பிரீமியர் தீர்ந்தது, ஆனால் சர்வதேச பிரீமியர் அப்படியே நிற்கிறது. பாரிஸில் முதலில் காட்டிவிட்டால் இரண்டும் ஒரே மாலையில் தீர்ந்துவிடும். ஏற்றிய கற்பூரம் மீளாததுபோல் இதுவும் மீளாது. படப்பிடிப்புக் குழுவினருக்கும் நண்பர்களுக்கும் மட்டும் தனியே போட்டுக் காட்டுவதைப் பொதுவாக யாரும் பிரீமியராகக் கணக்கிடுவதில்லை. ஆனால் சுவரொட்டி ஒட்டி ஊராரை அழைத்த காட்சியும், எவரும் திறந்து பார்க்கும்படி யூடியூபில் ஏற்றிய பிரதியும் கணக்கில் வரும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் படத்தை, அதில் நடித்தவர் பெருமிதத்தோடு தம் பக்கத்தில் ஒரே ஒரு நாள் பகிரங்கமாக வைத்திருந்தார். பிரீமியர் கேட்கும் விழாக்களின் படிவத்தில் அந்த ஒரு நாளை மறைக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் இயக்குநர் தவித்தார். தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் பிரதியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பது அதனால்தான்.

எல்லா விழாக்களும் இதில் ஒரே மாதிரி கண்டிப்பு உடையவை அல்ல என்பதே திட்டத்துக்கு ஆதாரம். வெனிஸ் விழா தன் குறும்படப் போட்டிக்கு உலக பிரீமியரையே கேட்கிறது. பெர்லின் குறும்படப் பிரிவு, சொந்த நாட்டில் மட்டும் காட்டப்பட்ட படத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஓபர்ஹவுசன் ஜெர்மன் பிரீமியரோடு திருப்தி அடைகிறது, கட்டணமும் வாங்குவதில்லை. அமெரிக்காவின் சன்டான்ஸும் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானும் குறும்படங்களுக்கு பிரீமியர் நிபந்தனையே வைப்பதில்லை. கேட்பவர்களுக்கு முதலில் அனுப்பி, கேட்காதவர்களுக்குப் பின்னால் அனுப்ப வேண்டும் என்ற கிரமம் இதிலிருந்து தானாகவே உண்டாகிறது.

கான் விழாவைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாரம் என் மனத்தை முழுவதும் கவர்ந்துகொண்டது அதன் நீள விதிதான். கானின் குறும்படப் போட்டியில் பதினைந்து நிமிஷத்துக்கு மேற்பட்ட படத்துக்குப் பிரவேசமில்லை. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் தொடக்கத்து எழுத்துக்களும், இறுதியில் நன்றி சொல்லி ஓடும் பெயர்ப்பட்டியலும் அடக்கம். நம் முதற்படக்காரர்கள் டீக்கடைக்காரர் முதல் வாடகை வேன் ஓட்டியவர் வரை அனைவருக்கும் நன்றி சொல்லி இரண்டு நிமிஷம் ஓட விடுவது வழக்கம். நன்றியறிதல் நல்ல குணமே, ஆனால் பதின்மூன்றரை நிமிஷக் கதை அதனாலேயே கானின் வாசலில் நின்றுவிடும். வெனிஸின் இருபது நிமிஷமும் பெயர்ப்பட்டியலைச் சேர்த்தே எண்ணப்படுகிறது. ஆகவே நீளம் சற்று மீறியிருந்தால் கதையில் கத்தரியை வைப்பதற்கு முன் பெயர்ப்பட்டியலைச் சுருக்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதே கானில் வேறொரு வாசல் உண்டு. திரைப்படப் பள்ளிகளில் உருவான படங்களுக்காக 1998-இல் தொடங்கப்பட்டு, இப்போது லா சினெஃப் என்று அழைக்கப்படும் அந்தப் பிரிவில் ஒரு மணி நேரப் படம்கூட நுழையலாம். 2024-ஆம் ஆண்டு அதன் முதற்பரிசை வென்றது, புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த நாயக் இயக்கிய கன்னடப் படம். கிழவி ஒருத்தி கிராமத்துச் சேவலைத் திருடிக்கொண்டு போய்விட, அந்த ஊரில் பொழுதே விடியாமல் போகிற நாட்டுப்புறக் கதை அது. மருத்துவம் படித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர் இயக்குநர். படம் ஓராண்டுப் படிப்பின் இறுதிப் பயிற்சியாக எடுக்கப்பட்டது. பரிசுத் தொகை பதினையாயிரம் யூரோ. நீங்கள் மாணவரானால் இந்த வாசலை முதலில் பாருங்கள். மாணவரல்லாதவருக்கு அது திறக்காது. கானில் குறும்படச் சந்தை ஒன்றும் நடக்கிறது. அதன் பட்டியலில் பணம் கட்டிப் பதிந்துகொள்வது போட்டிக்குத் தேர்வானதாகாது.

இனி ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். பெயர்ப்பட்டியல் உட்பட பதினேழு நிமிஷம் இருபது நொடி, தயாரித்தவர் மாணவரல்லர், படம் பிப்ரவரி இறுதியில் முடிந்தது. பிப்ரவரியில் நடக்கும் பெர்லினுக்கு விண்ணப்பிக்கும் காலம் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிட்டது. கான், நீளத்தால் இல்லை. எனவே முதல் விண்ணப்பம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கும் வெனிஸுக்குப் போகும். வசந்த காலத்தில் அனுப்பினால் ஜூலை வாக்கில் முடிவு தெரியும், அதுவரை வேறெங்கும் திரையிடக் கூடாது. வெனிஸ் மறுத்தால், கோடை முடிவில் சன்டான்ஸுக்கும் கிளெர்மோனுக்கும், இலையுதிர் காலத்தில் பெர்லினுக்குமாக மூன்று இடங்களுக்கும் அனுப்பலாம். விண்ணப்பிப்பதால் பிரீமியர் செலவாவதில்லை, திரையிடுவதால்தான் செலவாகிறது என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் பிறகு வருகிறது. சன்டான்ஸின் சம்மதம் டிசம்பர் தொடக்கம் வாக்கில் வந்துவிடும். பெர்லினின் பதில் அதற்குப் பின்னரே வரும். இந்தியப் படம் ஜனவரியில் அமெரிக்காவில் திரையிடப்பட்டால் அதன் சர்வதேச பிரீமியர் அங்கேயே முடிந்து, பெர்லின் கைவிட்டுப் போகிறது. கையில் வந்த அழைப்பை வராத அழைப்புக்காக மறுக்கலாமா? மறுக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஏற்றுக்கொண்டு, அன்றே பெர்லினுக்கு எழுதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதே கௌரவமான வழி. பிரீமியரைக் காலவரையின்றிக் காத்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. கான், விழாவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் தயாரான படங்களையே ஏற்கிறது. மற்ற பல விழாக்களும் படம் முடிந்த தேதிக்கு எல்லை விதிக்கின்றன. வெனிஸ், பெர்லின் ஆகிய இரு சுற்றுக்களுக்கு மேல் காத்திராமல், பிறகு இந்திய விழாக்களிலும் பிற நாடுகளிலும் தாராளமாகக் காட்டிவிடுவது நல்லது.

கட்டணத்தைப் பற்றி இந்த வாரம் இவ்வளவு மட்டும் சொல்ல இடமிருக்கிறது. ஃபிலிம்ஃபிரீவே போன்ற தளங்களில் ஒரே விழாவுக்கு முற்கூட்டிய தவணை, வழக்கமான தவணை, தாமதத் தவணை என்று கட்டணம் படிப்படியாக ஏறும். கடைசித் தவணையில் கூடுதலாகக் கட்டும் டாலரால் படத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. கையில் இருபதினாயிரம் ரூபாய் வைத்திருப்பவர், முப்பது டாலர் விழாக்களில் ஏழுக்கு மேல் போக முடியாது. மாதந்தோறும் பரிசு வழங்கி, பரிசுச் சின்னத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும் போட்டிகளுக்கு அந்த ஏழில் ஒன்றையும் கொடுக்காதீர்கள். அவற்றுள் சில படத்தை இணையத்தில் ஓட்டிவிடுவதால், கட்டணத்தோடு பிரீமியரும் போய்விடும்.

இந்திய விழாக்களின் நிபந்தனைகளையும், கட்டண விலக்குக் கேட்டு எழுதும் கடிதத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் வாசகர்கள் தங்கள் படத்தின் நீளத்தை, இறுதிப் பெயர்ப்பட்டியல் உட்பட, நொடி பிசகாமல் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.