ஹைட்ரஜன் போன பிறகு

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் கரிமச் சேர்மம் கொடுத்தால், மாணவர்கள் மறக்காமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சோடியம் பைகார்பனேட் கரைசலில் சேர்மத்தைச் சிறிது போடுவார்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பாக்சிலிக் அமிலம், பொங்காவிட்டால் வேறு ஏதோ என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். ஏன் பொங்குகிறது என்ற கேள்வி பெரும்பாலும் அங்கே எழுவதில்லை. கரிம அமிலங்களின் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், கைகளைச் சுத்தம் செய்யும் சானிடைசரில் இருக்கும் எத்தனால், பழைய ஆஸ்பத்திரிகளில் கார்பாலிக் அமிலம் என்ற பெயரில் புழங்கிய பீனால், இந்த மூன்றிலும் ஆக்சிஜனோடு ஒட்டிய ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. மூன்றும் அதே ஹைட்ரஜனைத்தான் விட்டுக்கொடுக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதை அளக்கும் எண் pKa. இந்த எண் குறையக் குறைய அமிலம் வலிமையாகிறது. ஒரு புள்ளி குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடுகிறது. அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, பீனாலுக்குச் சுமார் 10, எத்தனாலுக்குச் சுமார் 16. அதாவது அசிட்டிக் அமிலம் எத்தனாலைவிட ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு வலிமையான அமிலம்.

விட்டுப்போகும் ஹைட்ரஜனையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் விளங்காது. அது போன பிறகு மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு நேர்மின் அயனியாகக் கிளம்புகிறது. பின்னால் நிற்கும் மூலக்கூறின் மேல் ஓர் எதிர்மின்சுமை ஏறுகிறது. அந்தச் சுமையை அது எவ்வளவு சுலபமாகத் தாங்குகிறதோ, அவ்வளவு சுலபமாக ஹைட்ரஜனை விடும்.

எத்தனால் ஹைட்ரஜனை இழந்தால் சுமை முழுவதும் ஒரே ஆக்சிஜன் மேல் விழுகிறது. அசிட்டேட் அயனியில் அப்படியில்லை. அங்கே இரண்டு ஆக்சிஜன்கள் சுமையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. இதுதான் உடனிசைவு. இது வெறும் காகிதக் கணக்கு அல்ல, அளந்து பார்க்கக்கூடிய உண்மை. அசிட்டிக் அமிலத்தில் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகளில் ஒன்று குட்டை, மற்றது நீளம். அசிட்டேட் அயனியில் இரண்டும் ஒரே நீளத்துக்கு வந்துவிடுகின்றன.

பீனாலில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். பீனாக்சைடு அயனிக்கு உடனிசைவு அமைப்புகள் அதிகமாக வரையலாம், அப்படியானால் பீனால்தானே வலிமையான அமிலம் என்று வாதிடுவார்கள். எண்ணிக்கை இங்கே தீர்ப்புச் சொல்லாது, சுமை எந்த அணுவின் மேல் போய் உட்காருகிறது என்பதே தீர்ப்பு. பீனாக்சைடில் அது பென்சீன் வளையத்தின் கார்பன்களுக்குப் போகிறது. எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கார்பன் ஆக்சிஜனுக்கு ஈடாகாது. அதனால் பீனால் எத்தனாலை மிஞ்சுகிறது, அசிட்டிக் அமிலத்தை எட்டவில்லை.

இனி அந்தச் சோதனைக் குழாய்க்குத் திரும்பலாம். பைகார்பனேட்டிலிருந்து கிடைக்கும் கார்பானிக் அமிலத்தின் pKa சுமார் 6.4. அதைவிட வலிமையான அமிலம் வந்தால்தான் பைகார்பனேட் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கும். 4.76 வைத்திருக்கும் அசிட்டிக் அமிலம் அதைச் செய்கிறது. 10 வைத்திருக்கும் பீனாலால் முடியாது. அதே பீனாலைத் தண்ணீரில் கலங்கலாக எடுத்துக்கொண்டு, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டால் கலங்கல் தெளிந்துவிடும், ஏனென்றால் தண்ணீரைவிடப் பீனால் வலிமையான அமிலம். மேலே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கலங்கல் திரும்பி வரும்.

ஆனாலும் பொங்குவதெல்லாம் கார்பாக்சிலிக் அமிலம் என்று நம்பிவிடக் கூடாது. பீனாலில் மூன்று நைட்ரோ தொகுதிகளை ஏற்றினால் பிக்ரிக் அமிலம். அதன் pKa சுமார் 0.4. அதுவும் பைகார்பனேட்டில் பொங்கும்.

அடுத்தது தூண்டல் விளைவு. பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாவிட்டாலும், பக்கத்தில் எலக்ட்ரானை இழுக்கும் அணு இருந்தால் சுமை லேசாகும். அசிட்டிக் அமிலத்தில் ஒரு குளோரினை நுழைத்தால் 4.76 என்பது 2.87 ஆகிறது. மூன்று குளோரின் நுழைத்தால் சுமார் 0.7. இந்த இழுப்பு பிணைப்புகள் வழியாகவே போவதால், தூரம் கூடக் கூடச் சட்டென்று வலுவிழக்கும். பியூட்டனாயிக் அமிலம் இதற்கு அருமையான சாட்சி. குளோரின் இல்லாதபோது அதன் pKa 4.82. அமிலத் தொகுதிக்கு அடுத்த கார்பனில் குளோரின் இருந்தால் 2.86, ஒன்று தள்ளிப்போனால் 4.05, இன்னும் ஒன்று தள்ளிப்போனால் 4.52. மூன்றாவது கார்பனுக்குப் போகும்போது குளோரின் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவது காரணத்தை கேஸ் வெல்டிங் பட்டறையில் பார்க்கலாம். கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டதும் அசிட்டிலீன் வாயு சீறிக் கிளம்புகிறதே, அதுவும் ஓர் அமில-கார வினைதான். கார்பைடு என்பது ஹைட்ரஜன்களை இழந்த அசிட்டிலீன். தண்ணீர் தன் ஹைட்ரஜனை அதற்குக் கொடுத்துவிடுகிறது.

கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பது பொதுவாகவே கடினம். ஈத்தேனின் pKa சுமார் 50, எத்திலீனுக்கு 44. ஆனால் அசிட்டிலீனுக்கு 25தான். இங்கே வேலை செய்வது இனக்கலப்பு. ஈத்தேனின் கார்பன் sp³ வகை, அதில் s பங்கு கால்வாசி. எத்திலீனின் sp² கார்பனில் மூன்றில் ஒன்று. அசிட்டிலீனின் sp கார்பனில் பாதி. s எலக்ட்ரான்கள் அணுக்கருவை ஒட்டியே இருப்பதால், அந்தப் பங்கு கூடக் கூட எதிர்மின்சுமை கருவின் பிடிக்குள் அடங்குகிறது. இதன் பலம் எவ்வளவு என்றால், கார்பனைவிட நைட்ரஜன் எலக்ட்ரானை அதிகம் கவரும் என்றாலும், 38ஐ ஒட்டிய pKa கொண்ட அம்மோனியாவை அசிட்டிலீன் முந்திவிடுகிறது. அதனால்தான் சோடமைடு அசிட்டிலீனிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது, சோடியம் ஹைட்ராக்சைடால் அது ஆவதில்லை.

வரிசைப்படுத்திப் பார்க்க ஆறு சேர்மங்கள்: எத்தனால், 4-நைட்ரோபீனால், அசிட்டிலீன், அசிட்டிக் அமிலம், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம். முதலில் சுமை எந்த அணுவில் விழும் என்று கேட்க வேண்டும். ஐந்தில் ஆக்சிஜன், அசிட்டிலீனில் மட்டும் கார்பன். sp கார்பனே என்றாலும் ஆக்சிஜனை வெல்லாது, ஆகவே அது கடைசி. ஆக்சிஜன் உள்ளவற்றில் உடனிசைவே இல்லாதது எத்தனால், அது கடைசிக்கு முந்தையது. இரண்டு ஆக்சிஜன்கள் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கார்பாக்சிலிக் அமிலங்கள் மேலே போகும். அவற்றுக்குள் குளோரின் இழுக்கும் டிரைகுளோரோ முதலிடம். நடுவில் மிஞ்சுவது இரண்டு பீனால்கள். 4-நைட்ரோபீனாலில் வளையத்தில் சுற்றும் சுமை நைட்ரோ தொகுதியின் ஆக்சிஜன்கள் வரைக்கும் போக முடிகிறது, எனவே அது பீனாலுக்கு மேல். வலிமை இறங்கும் வரிசையில் எண்கள்: 0.7, 4.76, 7.15, 10, 16, 25.

நைட்ரோ தொகுதியை ஓர் இடம் நகர்த்தி 3-நைட்ரோபீனாலாக மாற்றினால் எங்கே நிற்கும் என்பதை வாசகர்கள் வளையம் வரைந்து பார்க்கலாம். சுமை வளையத்தின் 2, 4, 6 ஆகிய இடங்களுக்கு மட்டுமே போகும், மூன்றாம் இடத்துக்கு வராது. எனவே நைட்ரோவால் தூண்டல் மூலம் இழுக்க மட்டுமே முடியும், உடனிசைவில் பங்கெடுக்க முடியாது. அதன் pKa 8.4. பீனாலுக்கும் 4-நைட்ரோபீனாலுக்கும் இடையில் அது வந்து நிற்கிறது.