அயனி சுற்றிப் போகும் வழி

டார்ச் லைட், பவர் பேங்க், மின் ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் புழங்கும் 18650 லித்தியம் செல்லை எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். இந்த ஒரே அளவில் இரண்டு ரகம் சந்தையில் உண்டு. ஒன்று சுமார் 3400 மில்லி ஆம்பியர்-மணி சேமிக்கும், ஆனால் தொடர்ந்து 7 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் தாங்காது. மற்றொன்று 2500தான் சேமிக்கும், ஆனால் 20 ஆம்பியர் வரை தரும். அதிகம் வைத்திருப்பது ஏன் வேகமாகத் தர முடியவில்லை?

இரண்டுக்குள்ளும் இருப்பது சுருட்டி வைத்த மெல்லிய தகடுகள். தாமிர, அலுமினியத் தாள்களின் மேல் மருந்துப் பொடியைப் பூசி, உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்தியிருப்பார்கள். அழுத்திய பிறகும் அந்தப் பூச்சில் ஏறத்தாழ 30 சதவீதம் வெற்றிடம். அதில்தான் எலக்ட்ரோலைட் திரவம் ஊறி நிற்கிறது. மின்சாரம் எடுக்கும்போது லித்தியம் அயனி கிராஃபைட் பூச்சிலிருந்து வெளியேறி, இந்தத் திரவம் வழியாகவே எதிர்ப்புறப் பூச்சின் அடிவரை போய்ச் சேர வேண்டும். அதிக மின்சாரம் சேமிக்கும் செல்லில் பூச்சு தடிமனாகவும் இறுக்கமாகவும் இருக்கும்.

இந்த வெற்றிடத்தின் பங்கைத் துளைவிகிதம் என்போம். அதை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். துளைகள் நேராக இல்லை. வளைந்து, குறுகி, சில இடங்களில் முட்டுச்சந்தாகவும் முடிகின்றன. இந்தச் சுற்று அயனியின் ஓட்டத்தை எத்தனை பங்கு மந்தமாக்குகிறது என்று சொல்லும் எண்தான் டார்ச்சுவாசிட்டி. துளைவிகிதத்தை அதனால் வகுத்தால் உண்மை நிலை தெரியும். 0.3ஐ 2ஆல் வகுத்தால் 0.15. அதாவது திறந்த திரவத்தில் ஓடும் அளவில் ஏழில் ஒரு பங்குதான் பூச்சுக்குள் ஓடும்.

இனி ஒரு கணக்கு. 70 மைக்ரான் தடிமன் நேர்முனைப் பூச்சு, சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு, டார்ச்சுவாசிட்டி 2. திரவத்தில் கரைந்த லித்தியம் உப்பின் செறிவை 100 என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் லித்தியம் அயனி மின்புலத்தால் இழுபட்டுச் சுமக்கிறது. மீதித் தேவை, செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவித்தான் வர வேண்டும். வினை பூச்சு முழுதும் ஒரே சீராக நடப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் தீரும் வேகத்தில் பூச்சின் அடியில் செறிவு சுமார் 84க்கு இறங்குகிறது. 12 நிமிடத்தில் தீரும் வேகத்தில் 20 ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் அடியில் உப்பே இல்லை. அங்கிருக்கும் மருந்து லித்தியத்தை ஏற்கத் தயாராக இருந்தும், வந்து சேர அயனி இல்லாமல் சும்மா கிடக்கும்.

பூச்சை 140 மைக்ரான் ஆக்கினால் என்ன ஆகும்? அதே ஒரு மணி நேரத்தில் இரு மடங்கு அயனி போக வேண்டும், இரு மடங்கு தூரமும் போக வேண்டும். ஆகவே செறிவுச் சரிவு நான்கு மடங்கு, சுமார் 64. அரை மணி நேரத்தில் தீர்க்கப் பார்த்தாலே அடிப்பகுதி வறண்டுவிடும். டார்ச்சுவாசிட்டி 2லிருந்து 4 ஆனால் தடிமன் மாறாமலே எட்டக்கூடிய வேகம் பாதியாகிறது.

கிராஃபைட் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அதன் துகள்கள் செதில் வடிவம். உருளையில் அழுத்தும்போது ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. அயனி ஒவ்வொரு ஓட்டையும் சுற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். நெருக்கமாக அழுத்தினால் டார்ச்சுவாசிட்டி 5ஐயும் தாண்டும். 2016இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். செதில்களில் இரும்பு ஆக்சைடு நுண்துகளை ஒட்டி, பூச்சு ஈரமாக இருக்கும்போதே காந்தப்புலத்தால் அவற்றை நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஒரு மணி நேர வேகத்தில், தடித்த பூச்சிலும் மும்மடங்கு வரை கூடுதல் மின்னூட்டம் கிடைத்தது. இது என்னைப் பெரிதும் கவர்ந்த சோதனை. மருந்து அதேதான், துகள் நின்ற கோணம் மட்டுமே மாறியது.

இந்தத் தடையைப் பயன்படுத்துகிறவரும் கண்டுகொள்ளலாம். அதிக ஆம்பியர் இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து கருவி அணைந்துவிடும். சில நிமிடம் ஓய்வு கொடுத்தால் உப்பு மறுபடி சமமாகப் பரவி மின்னழுத்தம் ஏறும். மெதுவாக இழுத்தால் மிச்சமும் வெளிவரும். அப்படி வந்தால் கொள்ளளவு போகவில்லை, வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் நின்றது என்று அர்த்தம். மெதுவாக இழுத்தும் வராவிட்டால் செல் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது.

ஆகவே துளையிடும் இயந்திரத்துக்கோ ட்ரோனுக்கோ செல் வாங்கும்போது மில்லி ஆம்பியர்-மணி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்று விவரத்தாளில் போட்டிருப்பதை முதலில் பாருங்கள்.