விபத்திற்குப் பின் வரும் இரண்டாம் அறிவிப்பு

தோட்டத்தில் விபத்து நேர்ந்தால் பெரட்டுக்களத்தில் அறிவிப்பு ஒட்டப்படுவதுண்டு. சில நாள்களுக்குப் பின் நிலைமையைக் கூறும் இரண்டாம் அறிவிப்பும் வருகிறது. முதலாவதில் அவசரத்தில் வெளிவந்த சொந்தச் செய்திகளை இரண்டாவதில் மீண்டும் எழுதாதிருப்பது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பேராக்கிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ரப்பர் பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்க்கும் கொட்டகையில் வால்வு கசிந்து, ஒருவருக்குக் கண்ணும் தொண்டையும் பாதிக்கப்பட்டன. முதல் அறிவிப்பில் அவருடைய பெயரும் லயத்து எண்ணும் இடம்பெற்றன. அவருக்கு முன்பே ஆஸ்துமா உண்டு என்பதும் எழுதப்பட்டுவிட்டது. விளைவு என்ன? வால்வின் பழுது மறக்கப்பட்டு, அவருடைய நோயே காரணம் என்ற பேச்சு லயமெங்கும் பரவியது.

இரண்டாம் அறிவிப்பு இவ்வாறு அமையலாம்:

"இம்மாதம் 3ஆம் நாள் அறிவிப்பின் தொடர்ச்சி. பால் கொட்டகையில் கசிந்த வால்வு மாற்றப்பட்டது. இப்போது கசிவு இல்லை என்பது சோதித்து அறியப்பட்டது. கண் கழுவும் குழாய் 17ஆம் நாளுக்குள் பொருத்தப்படும். அதுவரை கொட்டகையில் எவரும் தனியே வேலை செய்யலாகாது. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டிய உதவி அளிக்கப்படுகிறது. அடுத்த அறிவிப்பு 18ஆம் நாள் வெளிவரும்."

இதில் முந்தைய அறிவிப்பு தேதியால் மட்டுமே சுட்டப்படுகிறது. அதன் வாசகம் திரும்ப எழுதப்படவில்லை. பழைய தாளையும் பலகையிலிருந்து அகற்றிவிட வேண்டும். பெயரை மட்டும் நீக்கினால் போதாது. சிறிய தோட்டத்தில் வயதும் வேலை நேரமும் கூறினாலே ஆள் இன்னார் என்று விளங்கிவிடும். 'பாதிக்கப்பட்டவர்' என்னும் சொல் ஆணா பெண்ணா என்பதையும் காட்டாது. உடல்நிலை பற்றி எழுத வேண்டுமாயின் அவருடைய சம்மதத்தைப் பெற்றே எழுதுதல் முறை.

எனினும், எல்லா இடத்திலும் பெயரை மறைப்பது பெருந்தவறாகும். முதலாளி 48 மணி நேரத்திற்குள் பெர்கேசோவுக்கு விபத்தைத் தெரிவிக்க வேண்டும். கடுமையான காயத்தால் நான்கு நாள்களுக்கு மேல் வழக்கமான வேலை செய்ய இயலாவிடில், தொழில் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கு 7 நாள்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அங்கே முழு விவரமும் தேவை. இல்லையேல் உதவித்தொகை தாமதமாகும். அவ்விவரங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருத்தல் வேண்டும்.

அத்துறை பொதுமக்களுக்காக வெளியிடும் மரண விபத்துச் சுருக்கங்களும் இம்முறையிலேயே அமைந்துள்ளன. விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பது அவற்றில் கூறப்படும். இறந்தவரின் பெயர் இராது.

அறிவிப்பை ஒட்டுமுன், அன்று வேலைக்குச் சேர்ந்த ஒருவரைப் படிக்கச் செய்யலாம். எது சீராயிற்று, எது எப்போது முடியும் என்று அவர் சொல்ல முடிந்து, பாதிக்கப்பட்டவர் யாரென்று சொல்ல முடியாவிட்டால், அவ்வறிவிப்பு சரியானதே.