காலில் அசை, கையில் எழுத்து: தொடக்க வகுப்பினர்க்கு ஒரு தாளப் பாடம்

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் பலரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி அசை பிரிக்கச் சொன்னால் பிழையின்றிப் பிரிப்பர். நேர் எது, நிரை எது என ஐயமின்றிக் கூறுவர். அதே சொல்லைக் கையால் தட்டிக் காட்டுக என்றால் தயங்கி நிற்பர். அவர்கள் கற்ற அசை கண்ணோடு நின்றுவிட்டது. செவிக்கும் உடலுக்கும் சென்று சேரவில்லை. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டது தொல்காப்பியம். ஓசையை உடலால் அளந்த மொழியில், அந்த அளவை ஏட்டில் மட்டும் கற்பது பொருந்துமா?

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகர இசைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த எமில் ஜாக் தால்குரோஸ் (1865-1950) என்பாரும் இதனையே கண்டார். இசை விதிகளை அறிந்திருந்த அவருடைய மாணவர்கள் தாளத்தை உடலில் உணரவில்லை. ஆகவே அவர்களை நடக்கச் செய்தே தாளம் பயிற்றினார். நடையிலிருந்து தொடங்கும் அம்முறையையும் நம் யாப்பின் அசையையும் இணைத்துத் தொடக்க வகுப்பினர்க்கு அமைத்த 40 நிமிடப் பாடம் ஒன்றை ஈண்டு விளக்க விரும்புகிறோம். அரியலூர்ச் சாலையில் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில், 24 பிள்ளைகளிடம் நாம் நடத்திப் பார்த்த பாடம் இது.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நாடி போலச் சமமான இடைவெளியில் மாறாமல் வருவது துடிப்பு. அத்துடிப்பின் மேல் சொற்கள் ஓரிடத்தில் ஒற்றையாகவும் ஓரிடத்தில் இரட்டையாகவும் விழுந்து அமைக்கும் கோலம் சந்தம். பாட்டுக்குக் கைதட்டும் குழந்தை சிலபோது துடிப்பைத் தட்டும். சிலபோது சொல்லைத் தட்டும். இரண்டும் வேறு என்பதை அது அறியாது. இவ்விரண்டையும் பிரித்துணரச் செய்வதே இப்பாடத்தின் ஒரே நோக்கம். துடிப்பைக் காலுக்கும் சந்தத்தைக் கைக்கும் ஒப்படைத்துவிட்டால் பிரிவு எளிதாகிறது.

இங்கே நம் யாப்பு துணை செய்கிறது. ஒற்றெழுத்தை நீக்கிப் பார்த்தால் நேரசையில் ஓர் எழுத்தும் நிரையசையில் இரண்டு எழுத்தும் உள்ளன. ஆகவே ஓர் அசைக்கு ஒரு காலடி என்றும், ஒற்றல்லாத ஓர் எழுத்துக்கு ஒரு தட்டு என்றும் வைத்துக்கொண்டோம். இச்சொற்களைப் பிள்ளைகளின் வயல்களிலிருந்தே எடுத்தோம். பெரம்பலூர்ப் பகுதியில் சோளமும் பருத்தியும் விளைகின்றன. அரியலூர்ப் பகுதியில் முந்திரி விளைகிறது. சோ-ளம் நேர் நேர்: இரண்டு காலடி, இரண்டு தட்டு. பருத்-தி நிரை நேர்: இரண்டு காலடி, மூன்று தட்டு, முதற் காலடியில் இரண்டு, அடுத்ததில் ஒன்று. முந்-திரி நேர் நிரை: இதுவும் இரண்டு காலடி, மூன்று தட்டு, ஆயின் முதலில் ஒன்று, பின்னர் இரண்டு. தேமா, புளிமா, கூவிளம் என்னும் வாய்பாடுகளைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பெயர் பின்னர் வரலாம்; ஓசை முன்னர் வர வேண்டும்.

கருவிகளுக்குச் செலவில்லை. தேங்காய்ச் சிரட்டை 8 இணை, ஒரு சாண் நீளத்தில் வழவழப்பாகச் சீவிய குச்சி 8 இணை, மக்காச்சோள மணிகள் இட்ட மூடியுள்ள டப்பா 8. டப்பாவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மணி இடலாகாது. நிறைந்தால் ஓசை அடைத்துக்கொள்ளும். டப்பாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. கை நின்ற பிறகும் மணிகள் உருண்டு ஒலிப்பதால் தட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பது மங்கிவிடும். எனவே டப்பாவைத் துடிப்புக்கு மட்டும் தர வேண்டும். விரைந்து விழும் இரட்டைத் தட்டுகளுக்குக் குச்சியே ஏற்றது. ஆசிரியர் கையில் தோற்கருவி ஒன்று இருத்தல் நலம். பக்கீர்மார் ஏந்தி வரும் தாயிராவை நம் பெரியோர்கள் அறிவர். அத்தகையதொன்றை நாம் எடுத்துச் சென்றோம். ஊரில் கிடைக்கும் பறையும் பொருந்தும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஓசை அமுங்குமாதலின், பாடத்துக்கு முன் சிறிது சூடு காட்டிக் கொள்ள வேண்டும்.

பாடத்தின் முதல் 5 நிமிடம் நடை. ஆசிரியர் கருவியை உடனே தட்டத் தொடங்குதல் கூடாது. பிள்ளைகளை வட்டமாக இயல்பாக நடக்கவிட்டு, அவர்கள் காலடிக்கு ஏற்பத் தாம் தட்ட வேண்டும். சிறு பிள்ளைகளின் இயல்பான துடிப்பு பெரியவர்களுடையதைக் காட்டிலும் விரைவானது. மெதுவான துடிப்பை அவர்களால் பிடித்து நிறுத்த இயலாது. நாம் கடிகாரம் பார்த்து எண்ணியபோது 15 நொடியில் 25 காலடிகள் விழுந்தன. அந்த அளவையே பாடம் முழுவதற்கும் கொண்டோம்.

அடுத்த 10 நிமிடம் வெறுங்கை. நின்ற இடத்திலேயே வலக்கால், இடக்கால் என மாற்றி மிதித்துக்கொண்டு ‘சோளம்’ என்று சொல்லிக் கைதட்டினர். காலும் கையும் ஒன்றாகவே விழுவதால் இதில் இடர் இல்லை. அதற்கடுத்த 10 நிமிடத்தில் ‘பருத்தி’ வந்தது, இடரும் வந்தது. கை மூன்று முறை தட்டியதும் காலும் மூன்று முறை மிதித்தது. இப்பிழையை ஆரவாரத்தில் செவியால் கண்டறிதல் அரிது, கண்ணால் காணலாம். பருத்திக்கு இரண்டே காலடி ஆதலால் ஒவ்வொரு பருத்தியும் வலக்காலிலேயே தொடங்க வேண்டும். இரண்டாவது பருத்தி இடக்காலில் தொடங்கினால் அப்பிள்ளை மூன்று காலடி வைத்துவிட்டது என்பது உறுதி. முதற்சுற்றில் பாதிக்கு மேற்பட்டோர் இடக்காலுக்கு மாறினர். தவறு என்று சொல்லித் திருத்தாமல் கைகளை நிறுத்தச் செய்தோம். கால் மட்டும் நடக்க, வாய் மட்டும் சொல்ல, நான்கைந்து சுற்றுகளுக்குப் பின் கையைச் சேர்த்தோம். பெரும்பாலோர்க்கு அமைந்தது. அமையாத ஐவரைத் துடிப்புக் குழுவில் சேர்த்தோம். அவர்களுக்கு அந்த வேலையே முதலில் உறுதிப்பட வேண்டும்.

நான்காவதாகக் கருவிகள். தொடக்கத்திலேயே கருவிகளைக் கொடுத்திருந்தால் இரைச்சல் ஒன்றே மிஞ்சியிருக்கும். ஆசிரியர் உள்ளங்கையைக் கவிழ்த்தால் கருவி மடியில் அமர வேண்டும் என்ற குறிப்பை முன்னரே பழக்கினோம். சிரட்டையும் டப்பாவும் ஏந்திய 16 பேர் துடிப்பு. குச்சி ஏந்திய 8 பேர் சொல். ‘சோளம், பருத்தி, முந்திரி, சோளம்’ என்பதே வரிசை. துடிப்புக் குழுவுக்கு 8 ஒலி; சொற்குழுவுக்கு 10 ஒலி. இரு குழுவும் ஒருங்கே தொடங்கி ஒருங்கே முடிக்க வேண்டும். பருத்தியின் இறுதியும் முந்திரியின் முதலும் ஒற்றைத் தட்டாக அடுத்தடுத்து வரும் இடத்தில் பிள்ளைகள் பொறுமையிழந்து முந்தினர். எட்டாம் துடிப்புக்கு முன்னரே குச்சிகள் முடித்துவிட்டு ஒன்றையொன்று பார்த்து விழித்தன! மீண்டும் கடிகாரம் பார்த்தபோது 15 நொடியில் 31 துடிப்பு ஆகியிருந்தது. ஓசை உரக்க உரக்க வேகமும் கூடுகிறது. இந்நிலையில் ஆசிரியர் தம் கருவியை உரக்கத் தட்டி அடக்க முயன்றால் பிள்ளைகளும் உரக்கத் தட்டுவர். நாம் தட்டுவதை நிறுத்தி, வரிசையை மிக மெல்லிய குரலில் சொன்னோம். கேட்பதற்காகப் பிள்ளைகள் தாமே ஓசையைக் குறைத்தனர், வேகமும் இறங்கியது.

இவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைத்தல் தகாது. அப்பள்ளியில் இருந்த பறையைத் துடிப்புக்குத் தரலாம் என்று ஒரு சிறுவனிடம் நீட்டினோம். அவன் கையைப் பின்னே இழுத்துக்கொண்டான்; சில பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தனர். பறையடிப்பது இன்ன தெருவார்க்கு உரிய வேலை என்னும் வழக்கு எட்டு வயதுக்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது. நாம் அறிவுரை கூறவில்லை. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக்குப் பறையும் ஒரு சுற்றுக்குத் தாயிராவும் தட்ட வேண்டும் என்று பாடத்தையே மாற்றினோம். அவனுடைய முறை பதினோராவதாக வந்தது. தனக்கு முன் பத்துப் பேர் தட்டியிருந்ததால் அவன் தயங்கவில்லை. தட்டியவர்களுள் துடிப்பை மிகச் சீராக நிறுத்தியவர்களில் அவனும் ஒருவன். கருவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் பாடத்திட்டத்தின் பகுதி என்பதை அன்று நாமே கற்றோம். இச்சுற்றுகளுக்காக 40 நிமிடம் 55 நிமிடமாக நீண்டது. மீண்டும் நடத்துவோர் இதற்குத் தனி வகுப்பு ஒதுக்குதல் நன்று.

இறுதி 5 நிமிடம் தேர்வு. வினாத்தாள் வேண்டா. வரிசையை ஒருமுறை தட்டி முடித்ததும் கால், கை, வாய் மூன்றும் 4 துடிப்புக்கு அடங்க வேண்டும். ஐந்தாவதில் அனைவரும் ஒன்றாகத் தட்ட வேண்டும். மௌனத்தில் துடிப்பை நெஞ்சில் நடத்திச் சென்றவர்களின் தட்டு ஒரே ஒலியாக விழும். பிறரைப் பார்த்துத் தட்டியவர்களுடையது பொரி பொரிந்தாற்போலச் சிதறும். கண்ணை மூடச் செய்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அன்று முதல் முறை முற்றும் சிதறியது. நான்காம் முறை, முற்றிலும் அன்று, பெரும்பாலும் ஒன்றாக விழுந்தது.

இப்பாடத்தின் எல்லையையும் சொல்லிவிடுவோம். நாட்டுப்புறப் பாடல்கள் எல்லாம் ஓர் அசைக்கு ஒரு துடிப்பு என நடப்பவை அல்ல. பாடுவோர் குறிலை நீட்டுவர், ஓர் அசையை இரண்டு துடிப்புக்குப் பரப்புவர். தட்டின் எண்ணிக்கையும் மாத்திரையின் அளவும் ஒன்றல்ல. ‘சோ’ என்னும் நெடிலுக்கும் ‘தி’ என்னும் குறிலுக்கும் இங்கே ஒரே தட்டுத்தான். ஆகவே இதனை யாப்பு விதியாகக் கற்பிக்கலாகாது. காலையும் கையையும் பிரித்துப் பழக்கும் ஏற்பாடாகவே கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடலும் விளையாட்டும் இடம்பெற்றன. அத்தகைய பாடல் வேளையிலேயே வாரம் ஒரு சொல்லாக இதனைச் சேர்க்கலாம். மூன்று சொற்களும் பழகிய பின் ‘மழைத்துளி’ வரட்டும். நிரை நிரையாகிய அதில் ஒவ்வொரு காலடியிலும் இரண்டு தட்டு.

அப்பள்ளியிலிருந்து திரும்பிய மறுநாள், நம் வகுப்பில் அசை பிரித்துக்கொண்டிருந்த இளங்கலை மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, ‘பருத்தி’ என்றோம். இரண்டாவது பருத்தியில் பலருடைய இடக்கால் முன்னே வந்தது.