80-ல் ட்ராப், 81-ல் ஆட்டம்

கைக்கு வந்த 13 சீட்டில் ஜோக்கரும் இல்லை, பியூர் சீக்வென்ஸுக்கு வழியும் இல்லை. பாயிண்ட்ஸ் ரம்மியில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். முதல் சீட்டை எடுக்கும் முன் ட்ராப் செய்தால் 20 புள்ளியோடு போகும், எடுத்துவிட்டால் 40. பிடிவாதமாக உட்கார்ந்தால் 80 வரை ஏறலாம்.

101 பூலில் புள்ளி சேர்ந்துகொண்டே வரும். 101-ஐத் தொட்டவர் வெளியே. கணக்கில் 80 இருந்தால் ட்ராப் செய்து 100-ல் தொங்கலாம். 81 இருந்தால் அந்த ட்ராப்பே ஆளை வெளியேற்றிவிடும். எவ்வளவு மோசமான கையானாலும் ஆடித்தான் ஆக வேண்டும்.

டீல்ஸில் பெரும்பாலும் ட்ராப்பே கிடையாது. தோற்றவரின் புள்ளிகள் சில்லுகளாக வென்றவருக்குப் போகும். குறித்த டீல்கள் முடிந்ததும் யாரிடம் சில்லு அதிகமோ அவர் ஜெயித்தார். அங்கே கை சரியில்லையென்றால், சேராத ராஜா, ராணி, ஏஸை முதலில் கழித்துவிடுவதுதான் வழி.