யாரிடம் உதவி பெறவில்லை?

1840 நவம்பரில் ஒரு நாள் இரவு, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தில் முகமூடி போட்ட மாணவர்கள் துப்பாக்கியால் சுட்டுக் கலாட்டா செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனைப் பிடிக்கப்போன சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் குண்டடிபட்டுச் சில நாட்களில் இறந்துபோனார். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே பகை முற்றிப்போயிருந்த காலம் அது. 1842 ஜூலையில் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர் என்ற பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். மாணவனைச் சந்தேகத்தோடு கண்காணிப்பதற்குப் பதிலாக, அவனே தன் மானத்தின் பேரில் விடைத்தாளில் ஓர் உறுதிமொழி எழுதித் தரட்டும் என்றார்.

அந்த உறுதிமொழியின் சாரம் இதுதான்: வாய்மொழியாகவோ, எழுத்திலோ, அச்சிலோ, எந்த வழியிலும் இந்தத் தேர்வு நேரத்தில் நான் உதவி பெறவில்லை. அந்தக் காலத்தில் உதவி வரக்கூடிய மூன்று வழிகளையும் அது பெயர் சொல்லியே அடைத்துவிட்டது. இன்று அதே பல்கலைக்கழகத்தில் வழங்கும் வாசகம், உதவி கொடுக்கவுமில்லை, பெறவுமில்லை என்று சுருங்கிவிட்டது. சொல்லச் சுலபம்தான், ஆனால் எந்த வழி என்பது அதில் இல்லை.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இந்தச் சுருக்கம் சிக்கலாகிவிட்டது. முதலாண்டு மாணவனுக்கு உதவி என்றால் பக்கத்தில் இருக்கும் நண்பன்தான் நினைவுக்கு வருவான். கருவி ஓர் ஆள் இல்லை. அது தந்த பத்தி எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், திருடியதாகவும் அவனுக்குத் தோன்றாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2023 பிப்ரவரியில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. ஆசிரியர் வேறு எதுவும் சொல்லாதவரை, இத்தகைய கருவியின் உதவியை இன்னொரு மனிதரின் உதவியைப் போலவே கருத வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் மாணவன் கையெழுத்துப் போடும் வரியிலேயே அது இருந்தால்தான் பயன்.

அதற்காக ‘ஏஐ எதையும் பயன்படுத்தவில்லை’ என்று எழுதிவிடவும் கூடாது. எழுத்துப்பிழை திருத்தி, மொழிபெயர்ப்பு, தேடல் பக்கத்தின் உச்சியில் தானாக வரும் சுருக்கம் என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அந்த வரியில் கையெழுத்திடும் அத்தனை பேரும் பொய் சொன்னதாகிவிடும். பொய்யென்று தெரிந்தே எல்லோரும் ஒப்பமிடும் தாள் வெறும் சடங்காக ஆக நாளாகாது.

கட்டுரைப் பணிக்கு நான் இப்படி எழுதுவேன்: “இதிலுள்ள வாக்கியங்களை நானே எழுதினேன். நான் கேட்டு ஒரு கருவி உருவாக்கித் தந்த உரையை அப்படியேயோ, சொற்களை மாற்றியோ, மொழிபெயர்த்தோ சேர்த்திருந்தால், அந்த இடங்களைக் கீழே குறித்திருக்கிறேன்.” அதன் கீழே மூன்று கோடுகள்: எந்தக் கருவி, எந்தப் பத்தி, என்ன கேட்டேன்.

ஒரு மாணவியை வைத்து இதைச் சோதித்துப் பார்ப்போம். வரலாற்றுக் கட்டுரைக்கு அவள் கருவியிடம் ஐந்து தலைப்புகள் கேட்டு வாங்கினாள். வாக்கியங்களைத் தானே எழுதினாள். மூன்றாம் பத்தி மட்டும் தடுமாறவே, அதை ஒட்டி ‘நன்றாக்கிக் கொடு’ என்றாள். கடைசியில் எழுத்துப்பிழை திருத்தினாள். பிழைதிருத்தத்தைக் குறிக்க வேண்டியதில்லை. மூன்றாம் பத்தியைக் கட்டாயம் குறிக்க வேண்டும். கருத்து அவளுடையதானாலும் திரும்பி வந்த வாக்கியங்கள் கருவியுடையவை. அந்த ஐந்து தலைப்புகள்? என் வாசகம் அங்கே ஓட்டையாக இருக்கிறது. திட்டமிடுவதும் மதிப்பெண்ணுக்குரியது என்று ஆசிரியர் நினைத்தால், ‘உரையை’ என்பதை ‘உரையையோ கட்டுரைத் திட்டத்தையோ’ என்று விரிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் இது மாறும்.

தேர்வுக்கு வேறு வாசகம் வேண்டும், ஏனென்றால் அங்கே குறித்துக் காட்டிவிட்டுச் சேர்க்கும் சலுகையே கிடையாது. “வினாத்தாளைத் திறந்தது முதல் விடையை ஒப்படைக்கும்வரை, எந்த ஆளிடமும், இணையத்திலும், உரை உருவாக்கும் கருவியிலும் எதையும் கேட்கவில்லை.” குறிப்புகளைப் பார்த்து எழுதும் தேர்வென்றால் இதுவும் போதாது. முந்தின நாளே கருவியிடம் எழுதி வாங்கி வைத்த விடைகளும் ‘என் குறிப்பு’ என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். அதை அனுமதிப்பதா இல்லையா என்று தனி வரியில் சொல்லியாக வேண்டும்.

கையெழுத்துப் போட்டபிறகும் ஒருவர் ஏமாற்றலாம். வாசகத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கவென்று வந்த மென்பொருள்களும் கை கொடுக்கவில்லை. ஓபன்ஏஐ நிறுவனம் தன் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய மென்பொருள்கள் சிலவற்றைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் கருவி எழுதியவையாக முத்திரை குத்தப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த முதலாண்டு மாணவிமேல் நாளை சந்தேகம் வந்தால், வரைவுகளோடு அந்த மூன்று கோடுகளும்தான் அவள் பக்கம் பேசும்.

உறுதிமொழியைத் தாளின் தொடக்கத்திலேயே வாங்கினால் நேர்மை கூடும் என்று 2012இல் ஓர் ஆய்வு பிரபலமானது. தரவுகள் போலி என்று தெரியவந்து 2021இல் அது திரும்பப் பெறப்பட்டது. கட்டுரைக்கு முடிவில் வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். எழுதி முடிப்பதற்கு முன்பே எதை எங்கே சேர்த்தோம் என்று அந்த மூன்று கோடுகளில் எப்படி நிரப்புவது?