ஒற்றையாய் நிற்கும் 'சூப்பர்சீட்'

பிரிக்பீல்ட்ஸில் டியூஷனுக்குப் போகும் மாணவரானாலும் சரி, கிள்ளானில் ஆபீஸ் கடிதம் தட்டச்சு செய்பவரானாலும் சரி, 'சூப்பர்சீட்' என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் கை சற்றுத் தயங்கும். காரணம் உண்டு. வினைச்சொற்களின் கடைசியில் வரும் 'சீட்' என்ற ஒலியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள்.

புரோசீட், எக்சீட், சக்சீட் ஆகிய மூன்று மட்டும் 'சி, ஈ, ஈ, டி' என்று முடியும். பிரிசீட், ரிசீட், கன்சீட் போன்றவை 'சி, ஈ, டி, ஈ' என்று முடியும். 'எஸ், ஈ, டி, ஈ' என்று முடிவது சூப்பர்சீட் ஒன்றுதான்.

ஏன் இப்படி? லத்தீனில் இரண்டு வேர்ச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்குப் 'போதல்' என்று பொருள். பழைய ரோமானியர் அதைக் 'கேடெரே' என்று உச்சரித்தனர். மற்றது 'ஸெடேரே', அதற்கு 'உட்காருதல்' என்று பொருள். முன்னே போவது புரோசீட், எல்லை தாண்டிப் போவது எக்சீட், ஒருவருக்குப் பின்னால் போவது சக்சீட். மேலே உட்காருவதுதான் சூப்பர்சீட். காலப்போக்கில் 'கே' ஒலி மெலிந்து 'சே' ஆகவே, பிரெஞ்சு எழுத்தர்களே இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

இந்தியாவில் 1973 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எஸ்.எம். சிக்ரி ஓய்வு பெற, ஏ.என். ராய் அப்பதவிக்கு வந்தார். சிக்ரிக்குப் பின் வந்ததால் அவரை ராய் 'சக்சீட்' செய்தார். ஆனால் ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரும் ராயைவிட மூத்தவர்கள். அவர்களுக்கு மேலே போய் உட்கார்ந்ததால் அம்மூவரையும் 'சூப்பர்சீட்' செய்தார். மூவரும் ராஜினாமா செய்துவிட்டார்கள். ஒரே நியமனம், ஆனால் இரண்டு சொற்கள், இரண்டு வேர்கள்.

சரி, 'போதல்' வேரில் பிறந்த சொற்களுள் மூன்றுக்கு மட்டும் ஏன் இரட்டை 'ஈ'? பொருளில் காரணம் எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துமுறை நிலைபெறாத காலத்தில் இரண்டு விதமாகவும் எழுதினார்கள்; பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வடிவம் பழக்கத்தில் நின்றுவிட்டது. ஆகவே அந்த மூன்றையும் மனப்பாடம் செய்வதே வழி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'புரோசீட்' என்பதில் இரட்டை 'ஈ' வந்தாலும், 'புரொசீஜர்' என்பதில் ஒற்றை 'ஈ'தான். அது பிரெஞ்சிலிருந்து தனிச்சொல்லாகவே வந்து சேர்ந்தது.

சூப்பர்சீட்டுக்கோ மனப்பாடம் வேண்டாம். அதன் பெயர்ச்சொல் 'சூப்பர்செஷன்'. நம் ஊர் செஷன்ஸ் கோர்ட்டில் உள்ள அதே 'செஷன்' தான் அது. நீதிபதி அமர்ந்து விசாரிப்பதால் வந்த பெயர். கோர்ட்டுப் பலகையில் அந்தச் சொல் 'எஸ்' எழுத்தில் தொடங்குவதை நினைவில் வைத்தால், சூப்பர்சீட்டின் நடுவில் 'சி' எழுத மாட்டீர்கள்.